மூணு காய் விழுந்தது, யார் போட்டது?

வியாசர்பாடியில் டியூஷன் எடுக்கிறேன். நிகழ்தகவு என்றாலே நெளிகிற பசங்களுக்கு கேரம் போர்டை வைத்துச் சொன்னால் கொஞ்சம் ஏறும்.

போன வாரம் கொடுத்த கணக்கு இது. காயை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வைத்து அண்ணன் 6 அடி அடிக்கிறான், தம்பி 4 அடி. எந்த அடியிலும் காய் விழ வாய்ப்பு ஒரே p, ஒரு அடி இன்னொன்றைப் பாதிக்காது. மொத்தம் 3 காய் விழுந்தது என்று மட்டும் தெரியும். மூன்றும் அண்ணன் போட்டதாக இருக்க நிகழ்தகவு என்ன?

"p எவ்ளோன்னு சொல்லவே இல்லியே சார்!" என்றான் ஒருத்தன். சொல்லத் தேவையில்லை. எந்த 3 அடியில் விழுந்திருந்தாலும் அதற்கான நிகழ்தகவு p³(1−p)⁷தான். ஆக, 10 அடியில் 3 அடியைத் தேர்ந்தெடுக்கும் 120 வழிகளும் சமம். p அடிபட்டுப் போகிறது. மூன்றும் அண்ணனுடையது என்பதற்கு 20 வழி. விடை 20/120, அதாவது 1/6. அண்ணன் m அடியில் X காய், தம்பி n அடியில் Y காய், மொத்தம் t காய் என்று வைத்தால், இதுதான் ஹைப்பர்ஜியோமெட்ரிக் பரவல்:

```
P(X=k | X+Y=t) = C(m,k)·C(n,t−k) / C(m+n,t)
```

இதைவிட அதிகம் பேர் விழும் குழி வேறு. பத்தில் ஆறு அடி அண்ணனுடையது, அதனால் 0.6³ = 0.216 என்று எழுதிவிடுகிறார்கள். விழுந்த ஒவ்வொரு காய்க்கும் தனித்தனியாகச் சீட்டு குலுக்கிப் போடுவது மாதிரியான கணக்கு அது. ஆனால் ஒரு அடியில் ஒரு காய்தான் விழ முடியும். அண்ணனின் ஓர் அடி கணக்கில் வந்துவிட்டால் மீதி 9 அடியில் அவனுக்கு 5தான். எனவே 6/10 × 5/9 × 4/8, மறுபடியும் 1/6.

நம்பாதவர்களுக்கு மொத்தத்தை 5 ஆக்கிக் காட்டுவேன். அவர்கள் முறைப்படி ஐந்தையும் தம்பியே போட்டிருக்க 0.4⁵, சுமார் 1 சதவீதம். அவன் அடித்ததே 4 அடி! 0.6³ போடும் வழி தப்பான வழி அல்ல, இடம் மாறி வந்தது. சார்பற்ற இரண்டு பாய்சான் எண்ணிக்கைகளின் மொத்தம் தெரியும்போது அப்படித்தான் ஈருறுப்புப் பரவல் வரும். அங்கே இத்தனை அடிதான் என்ற வரம்பு கிடையாது.

சரியான சூத்திரத்தையே தப்பான இடத்தில் போடுவதும் உண்டு. அண்ணன் கெட்டிக்காரன், அவனுக்கு விழும்–விழாத விகிதம் தம்பியுடையதைப்போல் இரண்டு மடங்கு என்று வையுங்கள். இப்போது எல்லாம் அடிபட்டுப் போகாது, அந்த இரண்டு மடங்கு மட்டும் மிஞ்சும்; அதனால் 120 வழிகளும் சமம் இல்லை. அண்ணன் 0, 1, 2, 3 காய் போடும் வழிகள் 4, 36, 60, 20. இவற்றை முறையே 1, 2, 4, 8ஆல் பெருக்கினால் 4, 72, 240, 160, கூட்டினால் 476. மூன்றும் அவனே போட்டிருக்க வாய்ப்பு 160/476, ஏறக்குறைய 0.34. 1/6ஐப் போல இரண்டு மடங்கு.