சாமத்திய வீட்டில் யார் யாருக்கு என்ன முறை: மட்டக்களப்பு, அம்பாறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கல்யாணம் முடித்தோ வேலையாகவோ இந்தப் பக்கம் வந்தவர்கள், முதல் சாமத்திய வீட்டிலேயே முறை தெரியாமல் திண்டாடுவார்கள். பெரும்பாலும் வீட்டுக்காரரின் பெயரைக் கேட்டு, அவருடைய அண்ணன் தம்பி யாரென்று தேடுவதில்தான் பிழை தொடங்குகிறது. இங்கே வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் பக்கத்துப் பக்கத்து வளவுகளில் இருப்பவர்கள் அனேகமாக அக்கா தங்கைகள். அவர்களுடைய கணவன்மார் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தவர்கள். பிள்ளைகளின் முதலெழுத்து தகப்பன் பெயரிலிருந்து வருவதால், ஒரே அம்மம்மாவின் பேரப்பிள்ளைகளுக்குக்கூட முதலெழுத்து வேறு வேறாக இருக்கும். அதை வைத்து எதையும் கணிக்க வேண்டாம்.

வீட்டிலே மூத்த பெண்மணி யாரென்று முதலில் பாருங்கள். கதிரையில் இருந்தபடி எல்லோரையும் ஏவிக்கொண்டிருப்பவர் அனேகமாக அவர்தான். அவரிலிருந்து மகள்மாரை எண்ணிக்கொண்டு வந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரு வீட்டை எடுத்துப் பார்ப்போம். அம்மம்மாவுக்கு மூன்று மகள்மார், ஒரு மகன். நடு மகளின் பிள்ளைக்குத்தான் சாமத்தியம். குசினிக்குள் உரிமையோடு நிற்கும் இரண்டு பெண்களும் பெரியம்மாவும் சின்னம்மாவும். அவர்களுடைய பிள்ளைகள் இந்தப் பிள்ளைக்கு அண்ணன், அக்கா, தம்பி, தங்கை. பந்தலில் கதிரை போட்டு, சாப்பாடு பரிமாறி ஓடித் திரியும் ஆண்கள் இந்த வீட்டு மருமக்கள், அதாவது பிள்ளைக்குப் பெரியப்பாவும் சித்தப்பாவும்.

மகனோ கல்யாணம் முடித்து வேறு ஊரில், மனைவி வீட்டில் இருக்கிறார். பிறந்த வீட்டுக்கு இன்றைக்கு விருந்தாளி போல வருவார். ஆனால் தண்ணீர் வார்க்கும் நேரம் நெருங்கியதும் "மாமா எங்க?" என்று எல்லோரும் தேடுவது அவரைத்தான். தேங்காய் உடைக்க அவர் வேண்டும், தண்ணீர் வார்க்க மாமி வேண்டும். யாருக்காகச் சடங்கு காத்து நிற்கிறதோ, அவர் தாய்மாமன். அவருடைய பிள்ளைகள் மச்சான், மச்சாள்.

இனி குடிக்கு வருவோம். குடி என்றால் ஒரே வம்சத்தவர் என்று எண்ணும் பிரிவு, இங்கே அது தாய்வழியில் வரும். பிள்ளைக்கும் பெரியம்மாவின் பிள்ளைகளுக்கும் தாய்மாமனுக்கும் ஒரே குடி. தாய்மாமனின் பிள்ளைகளுக்கோ அவர்களுடைய தாயின் குடி. தகப்பனின் அக்கா தங்கையும் மாமிதான். அந்த மாமிக்கும் அவர் பிள்ளைகளுக்கும் தகப்பனுடைய குடி. ஆகவே இரண்டு மாமிமார் ஒரே பந்தலில் இருந்தால், எந்தப் பக்கத்து மாமி என்று கேட்டுத் தெளிவது நல்லது. ஒரே குடிக்குள் கல்யாணம் செய்வதில்லை, அது சகோதர முறை. கோயில் திருவிழாவில் எந்த நாள் எந்தக் குடிக்கு என்ற பேச்சிலும் குடி வரும். அறிமுகமான முதல் நாளே "நீங்க என்ன குடி?" என்று நீங்கள் கேட்காதீர்கள். சாதியைத் துருவுவதாகவோ சம்பந்தம் பார்ப்பதாகவோ எடுத்துக்கொள்வார்கள். பெரியவர் ஒருவர் உங்களிடம் கேட்டால், தாயின் ஊரைச் சொல்லிக் குடி தெரியாது என்றாலே போதும். வெளியூர்த் தாய்க்குப் பிறந்தவர்களுக்கு இங்கத்தைய குடி இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

தெரியாத ஆம்பிளையை மரியாதைக்காக "மாமா" என்று கூப்பிட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. மாமா என்றால் அவருடைய மகள் உங்களுக்கு மச்சாள், அதாவது கட்டும் முறை. பிறகு அன்று முழுக்கப் பகிடிதான். முறை பிடிபடும் வரை "அண்ணன்", "அக்கா", வயதானவர்களுக்கு "ஐயா", "அம்மா" போதும். விசாரிக்கும்போது பெண்ணைப் பற்றி "இவ ஆர்ட மகள்?" என்றும், ஆணைப் பற்றி "இவர் ஆர்ட மாப்பிள்ளை?" என்றும் கேளுங்கள். ஆணுக்கும் "ஆர்ட மகன்" என்று கேட்டால், வேறு ஊரிலிருக்கும் ஒரு தாயின் பெயர் வரும். அது உங்களுக்கு அந்த நேரத்தில் உதவாது.

மச்சான் மச்சாள் கல்யாணம் தலைமுறையாக நடந்த குடும்பங்களில் ஒரே ஆள் தாய் வழியில் ஒரு முறையும் தகப்பன் வழியில் இன்னொரு முறையுமாக வருவார். எது சரி என்று வாதாடிப் பயனில்லை. உங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனவர், மனைவியோ நண்பரோ, அந்த ஆளை எப்படிக் கூப்பிடுகிறார் என்று பார்த்து அந்தக் கணக்கிலேயே நில்லுங்கள். மனைவி வழியில் போனவருக்கு மனைவியின் அண்ணன் தம்பி மச்சான், அக்கா தங்கை மச்சாள். மச்சாளின் கணவர் சகலன். அவர் மூத்தவர் என்றால் அண்ணன் என்றே கூப்பிடலாம்.

2004 சுனாமிக்குப் பிறகு கரையோரத்திலிருந்து வேறு இடங்களில் வீடு கிடைத்தவர்களிடம் இந்த வளவுக் கணக்கை அப்படியே நம்ப முடியாது. அக்கா ஒரு குடியேற்றத்திலும் தங்கை இன்னொன்றிலும் இருப்பார்கள், பக்கத்து வீட்டார் உறவே இல்லாதவராக இருக்கலாம். அப்படிப்பட்ட வீட்டில், முதல் நாள் பின்னேரமே போய்த் தேங்காய் துருவவோ கதிரை இறக்கவோ நின்றால், யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று காதிலேயே விழும். சடங்கு நாளில் மேளச் சத்தத்துக்குள் அது கேட்காது.