கீசருக்குள் போகும் பச்சைத் தண்ணீர் பைப்பும் சூடாகும்

அக்கா வீட்டுக் குளியலறையில் கீசருக்குக் கீழே டைல்ஸ் இடுக்கு மட்டும் எப்போதும் கருத்து, ஈரமாகவே இருந்தது. சுவரை உடைத்துப் பார்த்தோம். சுடுதண்ணீர் போகும் பைப் சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான சி.பி.வி.சி., அதில் ஒரு குறையும் இல்லை. கசிந்தது கீசருக்குள் பச்சைத் தண்ணீர் வரும் பி.வி.சி. எல்போ. இளகி, ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"பச்சைத் தண்ணீருக்கு பி.வி.சி. போதும்" என்பது பொதுவாகச் சரிதான். ஆனால் கீசர் பக்கத்தில் அது தவறு. 25 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறக்குறைய 400 மில்லி விரிகிறது. குழாய்கள் மூடியிருந்தால் அந்த அளவு தண்ணீர் வந்த வழியே பின்னால் தள்ளப்படும். போதாததற்கு, இணைப்பின் உலோகம் வழியாகவும் சூடு இறங்கும். சாதாரண பி.வி.சி. 45 டிகிரி வரைக்கும்தான். அதனால் கீசரின் இரண்டு பக்கமும் சி.பி.வி.சி. போடுங்கள். குளியலறை முழுக்க அதையே போட்டுவிட்டால் குழப்பமே வராது. உள்வரும் பக்கத்தில் தண்ணீரைப் பின்னால் விடாத நான்-ரிட்டர்ன் வால்வு இருந்தால், விரியும் தண்ணீர் சேஃப்டி வால்வில் சொட்டும். அது பழுதல்ல, சொட்டும் வாயை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

சி.பி.வி.சி.க்கும் எல்லை உண்டு. 82 டிகிரி வரை தாங்கும், ஆனால் சூடு ஏற ஏற அது தாங்கும் அழுத்தம் குறைந்துகொண்டே வரும். மொட்டைமாடி சோலார் ஹீட்டரில், ஊருக்குப் போய் நாலு நாள் யாரும் தண்ணீர் திறக்காவிட்டால், சூடு அதையும் தாண்டக்கூடும். வெயிலும் அந்த பைப்பை மெல்ல மெல்ல நொறுங்க வைக்கும். அங்கே மாடியில் ஓடும் பகுதிக்கு மட்டும் துத்தநாகம் பூசிய இரும்பு பைப்பான ஜி.ஐ. நல்லது, மேலே இன்சுலேஷன் சுற்றிவிடுங்கள். ஜி.ஐ. முடிந்து சி.பி.வி.சி. தொடங்கும் இடத்தில் பிளாஸ்டிக் மரையை முறுக்காமல், பித்தளை மரை உள்ள ஃபிட்டிங் கேளுங்கள்.

அப்படியென்றால் வீடு முழுக்க ஜி.ஐ. போடலாமே என்று தோன்றும். உப்புத்தன்மையுள்ள போர்வெல் தண்ணீர் என்றால் வேண்டாம். மரை வெட்டும்போது துத்தநாகப் பூச்சு போய்விடுவதால் துரு முதலில் அங்கேதான் பிடிக்கும். காலையில் திறந்ததும் முதல் தண்ணீர் செம்பழுப்பாக வந்தால், சுவருக்குள் அது தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

கடைசியாக, பசை. மீதமிருக்கும் பி.வி.சி. பசையை சி.பி.வி.சி.யில் தடவுவது எங்கும் நடக்கிறது. பச்சைத் தண்ணீரில் சோதிக்கும்போது ஒன்றும் தெரியாது, சுடுதண்ணீர் ஓட ஆரம்பித்த பிறகுதான் மூட்டு விடும். டப்பாவில் சி.பி.வி.சி. என்று அச்சடித்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஒட்டியபின் ஒரு நாள் காயவிட்டுத் தண்ணீர் ஏற்றி, எல்லா மூட்டையும் கையால் தடவிப் பார்த்த பிறகே டைல்ஸ்காரரை வரச் சொல்லுங்கள்.