எம்.எஸ். விண்ணப்பத்தை அனுப்பிய பிறகு தவறு தெரிந்தால்: மெயிலில் தவிர்க்க வேண்டியவை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு எம்.எஸ். விண்ணப்பிக்கும் நம் மாணவர்களில் பலருக்கு டிசம்பர் மாதத்தில் இது நடக்கிறது. சப்மிட் கொடுத்து, பணமும் கட்டியாகிவிட்டது. விண்ணப்பத்தின் பிடிஎஃப்பை நிதானமாகத் திறந்து பார்த்தால் ஆறாம் செமஸ்டர் மார்க் ஷீட்டைக் காணோம். அல்லது சிஜிபிஏ தப்பாக இருக்கிறது. படிவம் பூட்டிக்கொண்டது, இனித் திருத்த முடியாது. அந்தப் பதற்றத்திலேயே ராத்திரியோடு ராத்திரியாக ஒரு மெயில் போய்விடுகிறது. தவறுகள் பெரும்பாலும் அந்த மெயிலில்தான் தொடங்குகின்றன.

மெயில் எழுதும் முன் போர்ட்டலைப் பாருங்கள். அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் Slate என்ற மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. சப்மிட் செய்தபின் உங்களுக்கென ஒரு நிலைப் பக்கம் திறக்கும். என்னென்ன வந்து சேர்ந்தது, எது வரவில்லை என்ற பட்டியல் அதில் இருக்கும். பல இடங்களில் விடுபட்ட ஆவணத்தை ஏற்றுவதற்கான வசதியும் அதே பக்கத்தில் உண்டு. அங்கே ஏற்றினால் அது நேராக உங்கள் கோப்பில் போய் உட்காரும். மெயிலில் அனுப்பினால், அலுவலகத்தில் ஒருவர் இறக்கி, உங்கள் கோப்பைத் தேடி, கையால் சேர்க்க வேண்டும். சேர்க்கை முடிவு எடுக்கும் பேராசிரியர்கள் பார்ப்பது கோப்பைத்தான், மெயில்பெட்டியை அல்ல. போர்ட்டலில் வழி இருக்கும்போது மெயில் அனுப்புவது உங்களுக்கே நஷ்டம்.

மெயிலால் ஒருபோதும் ஆகாத ஆவணங்களும் உண்டு. டோஃபல், ஜிஆர்இ மதிப்பெண்களை அதிகாரபூர்வமாகக் கேட்டால் அவை இடிஎஸ் நிறுவனத்திடமிருந்து நேரடியாகப் போக வேண்டும். நீங்கள் இணைக்கும் பிடிஎஃப் அதற்கு ஈடாகாது. பரிந்துரைக் கடிதமும் அப்படித்தான். பேராசிரியர் சார் உங்களிடமே கடிதத்தைக் கொடுத்து "நீயே அனுப்பிடும்மா" என்றால், அனுப்பாதீர்கள். அவருக்கு வந்த லிங்க் காலாவதியாகிவிட்டதா என்று பார்த்து, போர்ட்டலிலிருந்து அவருக்கு மறுபடி அனுப்பி, அவரையே ஏற்றச் சொல்லுங்கள்.

அடுத்தது, எதைத் திருத்தக் கேட்பது என்ற தேர்வு. நோக்க அறிக்கையில் ஒரு காற்புள்ளி விட்டுப்போனதற்காகவோ, ஒரு வாக்கியம் இன்னும் நன்றாக எழுதியிருக்கலாம் என்பதற்காகவோ மெயில் அனுப்ப வேண்டாம். அனுப்பியதை மாற்ற முடியாது என்று பல பல்கலைக்கழகங்கள் முன்கூட்டியே சொல்லியிருக்கும். யாரும் கவனிக்காத பிழையை நாமே சுட்டிக்காட்டியதாக ஆகும். அவர்கள் முடிவெடுக்க நம்பியிருக்கும் உண்மைத் தகவல் தவறாக இருந்தால் மட்டும் கட்டாயம் எழுத வேண்டும்: மதிப்பெண், பிறந்த தேதி, பட்டம் முடியும் மாதம், விடுபட்ட கல்லூரி. வேறொரு பல்கலைக்கழகத்தின் பெயர் உள்ள நோக்க அறிக்கையை ஏற்றிவிட்டாலும் ஒரே ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம். மறுத்தால் அதோடு விட்டுவிட வேண்டும்.

நம் மாணவர்களிடம் அடிக்கடி காணும் பிழை சிஜிபிஏ மாற்றம். ஒரு மாணவியின் சிஜிபிஏ பத்துக்கு 8.4 என்று வைத்துக்கொள்வோம். படிவம் மார்க் ஷீட்டில் உள்ளபடியே போடச் சொல்கிறது. அவரோ 8.4-ஐப் பத்தால் வகுத்து நான்கால் பெருக்கி, நான்குக்கு 3.36 என்று போட்டுவிட்டார். மார்க் ஷீட்டில் அந்த எண் எங்கேயும் இல்லை. சரிபார்ப்பவருக்கு இரண்டும் ஒத்துவராது. இதை விளக்க அவர் நாலு பத்தியில் மன்னிப்பும், இணையத்தில் யாரோ சொன்ன கணக்கும் எழுதினால், படிப்பவருக்கு எந்த எண்ணை எங்கே மாற்றுவது என்றே புரியாது. தேவையானது மூன்றே வாக்கியம். கல்வி விவரப் பகுதியில் நான்குக்கு 3.36 என்று பதிந்திருக்கிறேன். சரியானது பத்துக்கு 8.4, ஏற்கெனவே ஏற்றிய மார்க் ஷீட்டில் இருப்பதும் அதுதான். அருள்கூர்ந்து திருத்தவும், அல்லது என் கோப்பில் இதைக் குறித்து வைக்கவும். தலைப்பு வரி இப்படி இருந்தால் போதும்:

```
GPA correction – App ID – Name – MS CS, Fall
```

விண்ணப்ப எண், விண்ணப்பத்தில் உள்ள அதே பெயர், துறை, பருவம் நாலும் இதில் வந்துவிட வேண்டும். "அவசரம்" என்று மட்டும் தலைப்பு வைத்தால் தேடி எடுக்கவே முடியாது. விண்ணப்பத்தில் கொடுத்த மெயில் முகவரியிலிருந்தே எழுதுங்கள். அண்ணனின் முகவரியிலிருந்து போனால், அது நீங்கள்தான் என்பதற்கு அவர்களிடம் என்ன ஆதாரம்?

பெயர் விஷயத்தில் தமிழ் மாணவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். மார்க் ஷீட்டில் இனிஷியலோடு பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், சிலருக்கு அந்த இடமே காலியாக இருக்கும். டோஃபலுக்கு ஒருவிதம், விண்ணப்பத்துக்கு வேறுவிதம் என்று பதிந்துவிட்டால், மதிப்பெண் போய்ச் சேர்ந்தும் உங்கள் கோப்போடு பொருந்தாமல் தனியே கிடக்கலாம். பட்டியலில் "வரவில்லை" என்றே காட்டிக்கொண்டிருக்கும். பலர் இதைப் பார்த்து மறுபடி பணம் கட்டி மதிப்பெண்ணை அனுப்புகிறார்கள். அது வேண்டாம். மெயில் உண்மையிலேயே பயன்படும் இடம் இதுதான்: தேர்வில் பதிந்த பெயர், விண்ணப்பத்தில் உள்ள பெயர், பிறந்த தேதி, தேர்வு நாள், தேர்வுப் பதிவு எண் இவற்றை எழுதி, இரண்டையும் இணைக்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் நகலைக் கேட்டால் மட்டும் கொடுங்கள்.

விடுபட்ட ஆவணத்தை மெயிலில்தான் அனுப்ப வேண்டும் என்று அவர்களே சொன்னால், ஒரே மெயில், ஒரே பிடிஎஃப். ஆறாம் செமஸ்டருக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று என்று நாலு மெயில் போகக் கூடாது. கடவுச்சொல் போட்ட கோப்பு, அனுமதி கேட்கும் டிரைவ் லிங்க், மேசை நிழல் விழுந்த போன் படம் எல்லாமே கேள்வியோடு திரும்பி வரும். அனுப்பும் முன் அந்தக் கோப்பை வேறொரு போனில் திறந்து, முத்திரையும் கடைசி வரி மதிப்பெண்ணும் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

யாருக்கு அனுப்புவது என்பதிலும் குழப்பம் உண்டு. துறைத் தலைவர், ஆராய்ச்சி வழிகாட்டி, கிராஜுவேட் ஸ்கூல் மூவருக்கும் ஒரே மெயிலைப் போட்டால், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று மூவருமே விட்டுவிட வாய்ப்பு அதிகம். பதிவும் ஆவணமும் கிராஜுவேட் சேர்க்கை அலுவலகத்தின் வேலை என்றால் அங்கே மட்டும் எழுதுங்கள். சில இடங்களில் துறை அலுவலகமே பார்க்கும். துறையின் சேர்க்கைப் பக்கத்தில் அது இருக்கும். எங்கும் தெரியவில்லையே என்று புதிதாக இன்னொரு விண்ணப்பம் போடுவது எல்லாவற்றிலும் மோசம். கட்டணமும் இரண்டாவது முறை போகும், ஒரே ஆளுக்கு இரண்டு கோப்பாகவும் ஆகும்.

நேரக் கணக்கையும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் நள்ளிரவு 11:59 என்பது அமெரிக்கக் கிழக்கு நேரமானால், குளிர்காலத்தில் நமக்கு மறுநாள் காலை 10:29. மேற்குக் கடற்கரை நேரமானால் பிற்பகல் 1:29. துணை ஆவணங்களுக்குச் சில துறைகள் தனிக் கடைசி நாள் வைத்திருக்கும், சில துறைகள் விண்ணப்பத்தோடே எல்லாம் வந்திருக்க வேண்டும் என்னும். கடைசி நாளுக்குப் பிறகு வருவதை ஏற்பதாக அவர்கள் எழுதியிருந்தால் மட்டும் அதை நம்புங்கள்.

அனுப்பிய மறுநாளே நினைவூட்ட வேண்டாம். தானியங்கிப் பதில் வந்தது ஆவணம் சேர்ந்ததற்கு அடையாளம் அல்ல, போர்ட்டலின் பட்டியல் மாறினால்தான் சேர்ந்தது. ஒரு வாரம் பார்த்துவிட்டு, புது மெயில் எழுதாமல், பழைய மெயிலுக்கே ரிப்ளை செய்து ஒரு வரி கேளுங்கள். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை அங்கே பல அலுவலகங்கள் மூடியிருக்கும், அந்த நாட்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் போன் செய்யலாம். கிழக்குக் கரையில் காலை 9 மணி என்பது அப்போது நமக்கு இரவு 7:30. விண்ணப்ப எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.