சீன சப்ளையர் "கொஞ்சம் கஷ்டமா இருக்கலாம்"னு சொன்னா அதை எப்படி புரிஞ்சுக்கறது?

சீனாவுல ஃபேக்டரிகாரங்ககிட்ட நேரா வெலை பேச ஆரம்பிக்கறவங்க மொதல்ல மாட்டுற இடம் இதுதான். நீங்க ஒரு ரேட் கேப்பீங்க, அவர் சிரிச்ச முகத்தோட "க நெங் யோ தியன் குன்னான்"னு சொல்வார், அதாவது கொஞ்சம் கஷ்டமா இருக்கலாம்னு. இன்னும் கொஞ்சம் அழுத்துனா இறங்கிடுவார்னு நமக்குத் தோணும், ஆனா பல நேரம் அவர் அங்கயே முடியாதுன்னு சொல்லி முடிச்சிருப்பார். சில நேரம் அதே வார்த்தை பேரத்துக்கு அழைப்பாவும் இருக்கும். ரெண்டையும் பிரிச்சுப் பாக்க ஒரு உதாரணத்தோட போவோம்.

ஜெஜியாங் மாகாணத்துல யோங்காங்னு ஒரு ஊரு, ஸ்டீல் ஃபிளாஸ்க், வாட்டர் பாட்டில் ஃபேக்டரிகள் நெறைய இருக்கற ஊரு. நீங்க 2000 பாட்டில் கேக்கறீங்கன்னு வெச்சுக்குவோம். அவங்க சொன்ன வெலை 18 யுவான். நீங்க 15 கேக்கறீங்க, கூடவே சரக்கு வந்து 60 நாள் கழிச்சு பணம் தர்றேன்னும் கேக்கறீங்க.

ஸ்டெப் 1: அந்த வார்த்தைக்கு அப்புறம் என்ன வருதுன்னு கேளுங்க

15 யுவானுக்கு அவர் "குன்னான்"னு சொல்லிட்டு, உடனே "5000 எடுத்தா பேசலாம்"னு சொன்னா அது மறுப்பே இல்ல, கதவு தொறந்துதான் இருக்கு, அளவை ஏத்துனா வெலை இறங்கும். ஆனா 60 நாள் கடன் விஷயத்துல "யென்ஜியூ யென்ஜியூ"ன்னு, அதாவது பாத்து யோசிக்கறோம்னு சொல்லிட்டு, யாரு யோசிப்பாங்க எப்ப பதில் வரும்னு எதுவும் சொல்லாம உங்க கப்புல டீ ஊத்திட்டு பேக்கிங் பத்தி பேச ஆரம்பிச்சா, அது முடியாதுதான். நம்பர், நாள், நிபந்தனை மூணுல ஒண்ணாவது வந்தா பேரம், எதுவுமே வரலைன்னா பெரும்பாலும் மறுப்பு.

ஸ்டெப் 2: ஆமா இல்லைன்னு பதில் வர்ற கேள்வி கேக்காதீங்க

"முடியுமா முடியாதா?"ன்னு கேட்டா அவரை மூலையில தள்றீங்க, கூட வேலை செய்யறவங்க முன்னாடி முடியாதுன்னு சொல்றது ரெண்டு பேருக்கும் மியென்ஸ போற விஷயம், அதாவது மொகம் குடுத்துப் பேச முடியாத மாதிரி ஆயிடும். அதனால "நா ஸென்ம யாங் ட்ஸாய் க யி?"ன்னு கேளுங்க, அப்ப எப்படி பண்ணா முடியும்னு அர்த்தம். நம்ம உதாரணத்துல இந்தக் கேள்விக்கு அவர் "இன்னும் கொஞ்ச நாள் சேந்து வேலை செஞ்சா, யீ ஹோ ஸாய் ஷுவோ"ன்னு, அப்புறம் பாக்கலாம்னு சொல்றார். அப்படின்னா இந்த ஆர்டருக்கு கடன் கெடையாது. புது கஸ்டமர்கிட்ட 30% முன்பணம், சரக்கு கெளம்பறதுக்கு முன்னாடி மீதி 70%ங்கறதுதான் அங்க ரொம்ப சகஜமான முறை, அதைத் தாண்டி அவர் வரமாட்டார்.

ஸ்டெப் 3: எதிர்ல இருக்கறவர் யாருன்னு பாருங்க

சேல்ஸ்ல இருக்கற பொண்ணு "லாவ்பான்கிட்ட கேக்கணும்"னு, அதாவது ஓனர்கிட்ட கேக்கணும்னு சொன்னா அது நெஜமாவே இருக்கலாம், வெலை குறைக்கற அதிகாரம் அவங்ககிட்ட இருக்காது. நாளைக்கு மதியம் சொல்றேன்னு நேரம் சொன்னா காத்திருங்க. நேரமே சொல்லாம விட்டாலோ, ஓனரே முன்னாடி உக்காந்துட்டு இன்னும் யார்கிட்டயோ கேக்கணும்னு சொன்னாலோ, மறுப்புன்னு எடுத்துக்கோங்க. இப்ப ஏற்றுமதி வேலை பாக்கற சின்ன வயசு ஆளுங்க நெறைய பேர் "ஸுவோ பு லியாவ்"னு, செய்ய முடியாதுன்னு நேராவே சொல்லிடறாங்க, அங்க தேட ஒண்ணும் இல்ல.

ஸ்டெப் 4: மறுப்புன்னு தெரிஞ்ச வெலையில அழுத்தாதீங்க

இதுதான் நான் ரொம்ப கவலைப்பட்டு சொல்றது. 5000 எடுக்கற நிபந்தனையை நீங்க ஒத்துக்கல, 2000க்கே 15 யுவான்னு திரும்பத் திரும்ப கேக்கறீங்க, கடைசியில அவர் திடீர்னு "சரி"ன்னு சொல்லிடறார்னு வைங்க. அங்கதான் உஷாராகணும், ஏன்னா அந்த மூணு யுவான் எங்கயாவது இருந்து வரணும். பாட்டில்ல அது வழக்கமா ஸ்டீல்ல இருந்து வரும், 304 கிரேடுக்கு பதிலா மலிவான 201 போயிடும். கண்ணால பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும், காந்தத்தையும் நம்ப முடியாது. இதுக்குன்னே விக்கற டெஸ்ட் சொட்டு ஒண்ணு இருக்கு, 201ல மாங்கனீஸ் அதிகம்ங்கறதால அது செவப்பா மாறும். அதனால கான்ட்ராக்ட்ல உள்பக்கம் வெளிப்பக்கம் ரெண்டுக்கும் ஸ்டீல் கிரேடை எழுதுங்க, மீதி 70% கட்டறதுக்கு முன்னாடி சரக்குல இருந்து நீங்களே எடுத்த பாட்டில்ல டெஸ்ட் பண்ணுங்க.

ஸ்டெப் 5: மறுநாள் வீசாட்ல தனியா எழுதுங்க

கூட்டத்துல சொல்ல முடியாததை தனி மெசேஜ்ல சொல்வாங்க. கடனைப் பத்தி திரும்ப கேக்காம, "2000க்கு 17, 5000க்கு 15, 30% முன்பணம், ஸ்டீல் 304, எது சரிவரும்?"னு ரெண்டு வழியையும் வெச்சு அனுப்புங்க. ஒண்ணை எடுத்துக்கிட்டு நாள் குறிச்சா வேலை ஆரம்பிச்சாச்சு. வெறும் சிரிப்பு ஸ்டிக்கர் மட்டும் வந்து ரெண்டு மூணு நாள் சத்தமே இல்லைன்னா அடுத்த ஃபேக்டரிக்கு மெசேஜ் போடுங்க.