மூன்று மடங்கில் முதல் மடங்கு வட்டி அல்ல

தனிவட்டிக் கணக்கில் மாணவர்கள் அதிகம் இடறி விழும் இடம் எது என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: "ஒரு தொகை இத்தனை ஆண்டுகளில் இத்தனை மடங்காகிறது" என்று தொடங்கும் கணக்கு. பெரிய எண்கள் இல்லை, சிக்கலான வாய்பாடும் இல்லை. இருந்தும் நன்றாகக் கணக்குப் போடுகிறவர்கள்கூட இதில் தவறிவிடுகிறார்கள். ஆண்டுக்கணக்காக இதைச் சொல்லிக் கொடுத்துவரும் எனக்கு, அந்தத் தவறு பிறக்கும் இடம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான் என்று தெரிந்திருக்கிறது.

ஒரு மாணவி எழுதிய விடைத்தாளை அப்படியே காட்டுகிறேன். கேள்வி இது: ஒரு தொகை தனிவட்டியில் 8 ஆண்டுகளில் இரண்டு மடங்காகிறது, அதே வட்டி வீதத்தில் மூன்று மடங்காக எத்தனை ஆண்டுகள் ஆகும்? அவள் எழுதியிருந்தது: "2 மடங்குக்கு 8 ஆண்டு. 1 மடங்குக்கு 4 ஆண்டு. ஆகவே 3 மடங்குக்கு 12 ஆண்டு." மூன்றே வரிகள், அழகான கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை. விடை தவறு.

எங்கே தவறியது? நடுவில் இருக்கும் வரியைப் பாருங்கள். "1 மடங்குக்கு 4 ஆண்டு" என்றால் என்ன பொருள்? ஒரு தொகை ஒரு மடங்காக இருப்பது என்றால், அது போட்டபடியே இருப்பது. அதற்கு ஒரு நாள்கூட ஆகாது. அசலைக் கொடுத்த நொடியிலேயே அந்த முதல் மடங்கு முழுதாக அங்கே இருக்கிறது. வட்டி சம்பாதித்துத் தர வேண்டியது இரண்டாவது மடங்கை மட்டும்தான். அந்த ஒரே மடங்குக்குத்தான் 8 ஆண்டுகளும் செலவாகியிருக்கின்றன.

அசலை 100 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மடங்கு என்றால் 200. அதில் வட்டி 100. மூன்று மடங்கு என்றால் 300. அதில் வட்டி 200. தனிவட்டியில் எல்லா ஆண்டும் ஒரே அளவு வட்டிதான் சேரும். 100 சேர 8 ஆண்டு என்றால், 200 சேர 16 ஆண்டு. விடை 16.

மாடிப்படியை நினைத்துக்கொண்டால் இது மனத்தில் நிற்கிறது என்று கண்டிருக்கிறேன். முதல் மாடியில் நிற்கிறவர் இரண்டாம் மாடிக்குப் போக ஒரு தளத்தின் படிகளை ஏற வேண்டும். மூன்றாம் மாடிக்குப் போக இரண்டு தளத்தின் படிகள். ஏறும் தூரத்தை மாடியின் எண் சொல்வதில்லை, அதில் ஒன்று குறைத்தால்தான் கிடைக்கிறது. அசல் என்பது முதல் மாடி. அங்கேதான் நாம் ஏற்கெனவே நிற்கிறோம்.

வட்டி வீதம் கேட்டாலும் இதே குழிதான் காத்திருக்கிறது. 15 ஆண்டுகளில் மூன்று மடங்காகும் தொகையின் வட்டி வீதம் என்ன? பலரும் உடனே 300-ஐ 15-ஆல் வகுத்து 20 சதவீதம் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த விடையை வைத்தே திருப்பிப் போட்டுப் பார்த்தால் தவறு தானே வெளிவந்துவிடும். 100-க்கு ஆண்டுக்கு 20 வீதம் 15 ஆண்டுகளுக்கு வட்டி 300. அசலையும் சேர்த்தால் 400. மூன்று மடங்கு கேட்டோம், நான்கு மடங்கு வந்து நிற்கிறது. வட்டி வீதக் கணக்கில் மடங்கில் ஒன்றைக் குறைக்க மறந்தவர்கள் இப்படித் திருப்பிப் போட்டால் எப்போதும் ஒரு மடங்கு கூடுதலாகவே வரும். வீதக் கணக்கில் அதுதான் இந்தத் தவறின் அடையாளம். சரியான வழி, சேர்ந்த வட்டியான 200-ஐ 15-ஆல் வகுப்பது: 13⅓ சதவீதம்.

இதே தொகை ஐந்து மடங்காக எத்தனை ஆண்டு என்று அடுத்த கேள்வி வந்தால், வட்டி வீதத்தைத் தேடிப் போகவே வேண்டாம். மூன்று மடங்கில் இரண்டு பங்கு வட்டி, ஐந்து மடங்கில் நான்கு பங்கு வட்டி. இரண்டு பங்குக்கு 15 ஆண்டு, நான்கு பங்குக்கு 30 ஆண்டு. நேர்விகிதத்தில் 3-க்கு 15, 5-க்கு 25 என்று போட்டவர்கள் சரிபார்க்கட்டும்: 13⅓ சதவீதத்தில் 25 ஆண்டுகளுக்கு வட்டி 333⅓, அசலோடு 433⅓. ஐந்து மடங்கான 500-க்கு இன்னும் நிறையத் தூரம் இருக்கிறது.

வாய்பாடாக எழுத விரும்புகிறவர்களுக்கு அது இவ்வளவுதான்:

ஆண்டுகள் × வட்டி வீதம் = 100 × (மடங்கு − 1)

இந்த வரியை மனப்பாடம் செய்வதைவிட, அடைப்புக்குள் இருக்கும் அந்த "கழித்தல் ஒன்று" ஏன் வந்தது என்று புரிந்துகொள்வதையே நான் வற்புறுத்துவேன். புரிந்தவர் வாய்பாட்டை மறந்தாலும் கணக்கைப் போட்டுவிடுவார். மனப்பாடம் செய்தவர் பதற்றத்தில் முதலில் மறப்பது அந்தக் கழித்தல் ஒன்றைத்தான்.

இரண்டாவது தவறு வேறு திசையிலிருந்து வருகிறது. 8 ஆண்டுகளில் இரட்டிப்பாகும் தொகை, இன்னொரு 8 ஆண்டில் மீண்டும் இரட்டிப்பாகி நான்கு மடங்காகிவிடும் என்று நினைப்பது. 100 இருநூறானது, இருநூறு நானூறாகும் என்று மனம் தானாக ஓடுகிறது. ஆனால் தனிவட்டியில் இருநூறுக்கு யாரும் வட்டி தருவதில்லை. பதினாறாம் ஆண்டானாலும் வட்டி கணக்கிடப்படுவது முதலில் போட்ட 100-க்கு மட்டும்தான். ஆகவே இரண்டாவது 8 ஆண்டிலும் சேர்வது இன்னொரு 100; தொகை 300. நான்கு மடங்காக 24 ஆண்டு வேண்டும்.

16 ஆண்டில் நான்கு மடங்கு என்பது கூட்டு வட்டியின் நடை. அங்கே சேர்ந்த வட்டியும் அசலோடு கலந்து வட்டி ஈட்டுகிறது. 24 ஆண்டில் எட்டு மடங்காகிவிடும். 8 ஆண்டுகளில் இரட்டிப்பு என்ற ஒரே செய்தியிலிருந்து தனிவட்டிக்கு வரும் வீதம் 12.5 சதவீதம், ஆண்டுதோறும் கூட்டும் கூட்டு வட்டிக்கு வருவது ஏறக்குறைய 9.05 சதவீதம். கேள்வியில் "தனிவட்டி" என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான். இதில் எனக்கு வியப்பாகத் தோன்றும் ஒன்று: அந்த மாணவி எழுதிய 12 ஆண்டு இரண்டு முறையிலுமே பொருந்தாது. கூட்டு வட்டியில் மூன்று மடங்காக 12 ஆண்டும் சில மாதங்களும் ஆகும், தனிவட்டியில் 16.

72-ஐ வட்டி வீதத்தால் வகுத்தால் இரட்டிப்பாகும் ஆண்டு கிடைக்கும் என்று பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அது கூட்டு வட்டிக்கான தோராயக் கணக்கு. 8 சதவீதத்துக்கு அது 9 ஆண்டு என்று சொல்லும். தனிவட்டியில் 9 ஆண்டு முடியும்போது 100 வெறும் 172 ஆகத்தான் இருக்கும். இரட்டிப்பாக 100-ஐ 8-ஆல் வகுக்க வேண்டும்: பன்னிரண்டரை ஆண்டு.

சொற்களிலும் கவனம் தேவை. "தொகை அசலைப் போல் மூன்று மடங்காகிறது" என்பதும் "வட்டி அசலைப் போல் மூன்று மடங்காகிறது" என்பதும் ஒரே கணக்கு அல்ல. முதலாவதில் வட்டி 200, இரண்டாவதில் வட்டி 300. வட்டியே நேராகக் கொடுக்கப்பட்டிருந்தால் ஒன்றைக் குறைக்கக் கூடாது. குறைக்கக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் இங்கேயும் குறைத்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனவே எழுதத் தொடங்கும் முன், கேள்வியில் கொடுத்திருப்பது மொத்தத் தொகையா, வட்டியா என்று கேட்டுக்கொண்டு, "அசல் 100, வட்டி இவ்வளவு, மொத்தம் இவ்வளவு" என்று ஓரத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். பின்ன மடங்கு வரும்போது இந்த ஒரு வரி பெரிதும் உதவும். 5 ஆண்டுகளில் தொகை அசலைப் போல் 8/5 மடங்காகிறது என்றால், அசல் 100, மொத்தம் 160, வட்டி 60. ஆண்டுக்கு 12 சதவீதம்.

காலத்தை எழுதும்போது நடக்கும் சிறு சறுக்கல்கள் இரண்டு. 12 சதவீதத்தில் இரட்டிப்பாக 100-ஐ 12-ஆல் வகுத்தால் 8.33 வரும். இதை 8 ஆண்டு 3 மாதம் என்று எழுதக் கூடாது. புள்ளிக்குப் பின்னால் இருப்பது ஆண்டின் பங்கு, மாதத்தின் எண்ணிக்கை அல்ல. மூன்றில் ஒரு பங்கு ஆண்டு என்றால் 4 மாதம். ஆக 8 ஆண்டு 4 மாதம். மற்றொன்று, காலம் மாதத்தில் கொடுக்கப்பட்டிருக்கும்போது அதை ஆண்டாக மாற்றாமல் விடுவது. 30 மாதங்களில் ஒன்றேகால் மடங்காகும் தொகைக்கு வட்டி 25. அதை 30-ஆல் வகுத்தால் வருவது 0.83, அது மாத வீதம். இரண்டரை ஆண்டால் வகுத்தால்தான் ஆண்டு வீதமான 10 சதவீதம் கிடைக்கும். மாத வீதத்தை 12-ஆல் பெருக்கினாலும் அதே 10 வரும்.

கடைசியாக, முதல் தவறு புது வேடத்தில் வரும் ஒரு கணக்கு. ஒரு தொகை மூன்று மடங்காகிறது. வட்டி வீதமும் ஆண்டுகளின் எண்ணிக்கையும் ஒன்றே. வீதம் என்ன? இரண்டும் ஒரே எண் என்பதால் அந்த எண்ணின் வர்க்கம் 300 என்று எழுதி, வர்க்கமூலம் 17.3 என்று முடிக்கிறவர்கள் உண்டு. பெருக்கினால் கிடைக்க வேண்டியது வட்டி, அதாவது 200. அதன் வர்க்கமூலம் 14.14. இதையே இரண்டு மடங்குக்குக் கேட்டால் வட்டி 100. வீதம் 10 சதவீதம், காலம் 10 ஆண்டு.