கூட்டத்தில் சுருக்கென்று கோபம் வருகிறதா? முதலில் அந்த வாக்கியத்தைக் கண்டுபிடியுங்கள்

திருநெல்வேலியில் ஒரு கடன் நிறுவனத்தின் வசூல் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். மேலாளர் எல்லார் முன்னாலும், "என்னவே, வேலை பாக்கீரா இல்லையா?" என்கிறார். கேட்டவருக்குக் காது சூடாகிறது, தாடை இறுகுகிறது. அடுத்த நொடி, "நான் மட்டுமா குறைச்சிருக்கேன்?" என்று வாய் முந்திவிடும். கூட்டம் அதோடு திசைமாறிவிடும்.

அவரைச் சீண்டியது வசூல் குறைவு பற்றிய கேள்வி அல்ல, பலர் முன்னால் உழைப்பைச் சந்தேகித்தது. இதைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் டைரியில் மூன்று விஷயம் எழுதுங்கள்: சொல்லப்பட்ட வாக்கியம் அப்படியே, உடம்பில் முதலில் மாறியது, மனதில் ஓடிய அர்த்தம். சில வாரங்களில் ஒரே அர்த்தம் திரும்பத் திரும்ப வருவது தெரியும்.

அடுத்த முறை காது சூடானதும் மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். மனதுக்குள் "இது அவமானம்" என்று பெயர் சொல்லுங்கள். உணர்ச்சிக்குப் பெயர் வைத்தால், மூளையில் பயம், கோபம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியின் வேகம் குறைவதை 2007-ல் வெளியான உளவியலாளர் லீபர்மேன் குழுவின் ஆய்வு காட்டியது. அப்புறம் விவரம் கேளுங்கள்: "சார், அம்பாசமுத்திரம் கணக்கைக் கேக்கியளா, முக்கூடல் கணக்கையா?" குரல் நடுங்கினால், "பாத்துட்டு மத்தியானம் சொல்லுதேன் சார்" போதும்.

ஒருவர் தினமும் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் மூச்சுப் பயிற்சி தீர்வாகாது. தேதியோடு குறித்துவைத்து மேலிடத்தில் புகார் கொடுங்கள்.