பதிவுக்குப் பதிவு மதிப்பெண்: தேர்வுக்குக் கணக்கு தயாரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணக்குப்பதிவியல் தேர்வில் ஒவ்வொரு குறிப்பேட்டுப் பதிவுக்கும் தனித்தனி மதிப்பெண் என்று முடிவு செய்துவிட்டால், கணக்கில் போடும் எண்களையும் அதற்கேற்ற மாதிரிதான் தேர்ந்தெடுக்க வேண்டும். பலரும் வாய்க்கு வந்த முழு எண்களைப் போட்டுவிட்டு, விடையை எழுதியபின் மதிப்பெண்ணைப் பிரித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

இயந்திர விற்பனைக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1,00,000க்கு ஆண்டின் தொடக்கத்தில் வாங்கிய இயந்திரம், நேர்க்கோட்டு முறையில் ஆண்டுக்கு 10% தேய்மானம், மூன்றாம் ஆண்டின் ஆறாவது மாத முடிவில் 70,000க்கு ரொக்க விற்பனை. விற்ற ஆண்டுக்கான பதிவுகளைக் கேட்கிறோம். இரண்டு ஆண்டுத் தேய்மானம் 20,000, அரை ஆண்டுக்கு 5,000, ஏட்டு மதிப்பு 75,000, நட்டம் 5,000. பார்த்தால் அழகான கணக்கு. ஆனால் அரை ஆண்டுத் தேய்மானமும் 5,000, நட்டமும் 5,000. விடைத்தாளில் ஒரே ஒரு 5,000 மட்டும் இருந்து, கணக்கின் பெயரும் அரைகுறையாக இருந்தால், அது எந்தப் பதிவு? அரை ஆண்டுத் தேய்மானத்தையே மறந்தவருக்கு நட்டம் 10,000 வரும். அதுவும் ஓர் ஆண்டுத் தேய்மானத்தோடு ஒத்துப்போகிறது. எங்கே தவறினார் என்று திருத்துபவர் ஊகித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

விற்பனை விலையை மட்டும் 68,000 ஆக்கிப் பாருங்கள். சரியான நட்டம் 7,000. அரை ஆண்டுத் தேய்மானத்தை விட்டவருக்கு 12,000. முழு ஆண்டுக்கும் போட்டவருக்கு 2,000. குறைந்து செல் மதிப்பு முறையில் போட்டவருக்கு 8,950. நான்கும் வேறு வேறு எண்கள். நட்டத் தொகையைப் பார்த்ததுமே தவறு எந்த இடத்தில் என்று தெரிந்துவிடும். கணக்கை முடிவு செய்வதற்கு முன், மாணவர் வழக்கமாகத் தவறும் வழிகளிலும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்.

அடுத்தது, ஒரே தவறுக்கு இரண்டு முறை வெட்டுவது. முழு ஆண்டுத் தேய்மானம் 10,000 போட்டவர் முதல் பதிவில் தொகைக்கான மதிப்பெண்ணை இழக்கிறார், சரி. அவருடைய ஏட்டு மதிப்பு 70,000. அதிலிருந்து நட்டம் 2,000 என்று முறையாகவே எழுதியிருக்கிறார். விடைக்குறிப்பில் 7,000 என்று மட்டும் இருந்தால் இங்கேயும் மதிப்பெண் போய்விடும். நட்டப் பதிவுக்கு 2 மதிப்பெண் என்றால், பற்று வரவு கணக்குகளுக்கு 1, 'மாணவரின் சொந்த ஏட்டு மதிப்புக்குப் பொருந்தும் தொகைக்கு' 1 என்று விடைக்குறிப்பிலேயே எழுதிவிட வேண்டும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. விலை 72,000 என்றால் சரியான விடை 3,000 நட்டம். முழு ஆண்டுத் தேய்மானம் போட்டவருக்கோ 2,000 இலாபம் வரும், பதிவே தலைகீழாகிவிடும். அவர் எழுதியது அவருடைய எண்ணுக்குச் சரிதான், ஆனால் நாம் சோதிக்க நினைத்த நட்டப் பதிவு விடைத்தாளில் இல்லை. அதற்கு மதிப்பெண் தருவதா வேண்டாமா என்று திருத்தும் மேசையில் வாதாடுவதைவிட, நான்கு வழியிலும் நட்டமே வரும் 68,000ஐ வைத்துக்கொள்வது மேல்.

இன்னொன்று, மதிப்பெண்ணைப் பதிவின் எண்ணிக்கையோடு கட்டிவிடுவது. விடைக்குறிப்பில் விற்பனைக்கு ஒரு பதிவு, நட்டத்துக்கு ஒரு பதிவு. மாணவர் இரண்டையும் சேர்த்து ஒரே கூட்டுப் பதிவாக எழுதுகிறார்:

ரொக்கக் க/கு ப 68,000
இயந்திர விற்பனை நட்டக் க/கு ப 7,000
  இயந்திரக் க/கு 75,000

இதில் குறை எதுவும் இல்லை. 'ஒரு பதிவுதானே இருக்கிறது' என்று பாதியை வெட்டினால் தவறு நம்முடையது. ரொக்க வரிக்கு இவ்வளவு, நட்ட வரிக்கு இவ்வளவு என்று வரிவாரியாகப் பிரித்திருந்தால் மாணவர் எப்படி எழுதினாலும் மதிப்பெண் சரியாக விழும். ஒரு ரொக்க விற்பனைப் பதிவும், நாட்கணக்குப் பார்த்துப் போட வேண்டிய தேய்மானப் பதிவும் ஒரே எடை பெறக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்ததே. இந்தக் கணக்குக்கு நான் தேய்மானத்துக்கு 2, விற்பனைக்கு 1, நட்டத்துக்கு 2 என்று 5 மதிப்பெண் வைப்பேன்.

கேள்வியின் வாசகத்திலும் ஓட்டை விடக் கூடாது. திரண்ட தேய்மானக் கணக்கு தனியாக வைக்கப்படுகிறதா, இல்லை இயந்திரக் கணக்கிலேயே நேராகக் கழிக்கப்படுகிறதா என்று சொல்லாவிட்டால், இரண்டு விதமான சரியான விடைகள் வரும். பதிவுகளும் வேறு, தொகைகளும் வேறு. தேய்மானத்தையும் நட்டத்தையும் இலாப நட்டக் கணக்குக்கு மாற்றும் பதிவு தேவையா என்பதும் அப்படித்தான். தேவையில்லை என்றால் 'இறுதிப் பதிவுகள் வேண்டாம்' என்று ஒரு வரி போதும். அப்புறம் பதிவுக்குக் கீழே எழுதும் விளக்கம். அதற்கு மதிப்பெண் உண்டென்றால் கேள்வித்தாளிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் எழுதாதவரிடம் எதையும் குறைக்காதீர்கள்.